ஒரே தாளம், மூன்று பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வீடியோ எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

அவிநாசிபாளையத்தில் என்னிடம் படித்த ஒரு பையன், திருப்பூர் டி-ஷர்ட் கடைகளுக்குச் சின்ன விளம்பர வீடியோ எடுத்துக் கொடுக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன் அவன் யூடியூபில் போட்ட ஒரு வீடியோ முடங்கிவிட்டது. பின்னால் ஓடும் டிரம்ஸ் தங்கள் பாட்டில் உள்ளது என்று யாரோ உரிமை கோரியிருந்தார்கள். கடைக்காரர், "திருட்டுப் பாட்டைப் போட்டியா?" என்று கேட்டுப் பணத்தை நிறுத்திவிட்டார். பையனோ, "நானே ஐபோன்ல கோத்ததுங்க சார்" என்கிறான்.

அந்தத் தாளம் எனக்கும் பழக்கமானதுதான். பிரியாணிக் கடை வீடியோவிலும் கேட்டிருக்கிறேன், திருவிழா வீடியோவிலும் கேட்டிருக்கிறேன். பாட்டைக் கண்டுபிடிக்கும் ஷசாம் செயலியிடம் மூன்று வீடியோக்களையும் காட்டினோம். மூன்று வெவ்வேறு பாட்டுப் பெயர்களைச் சொன்னது. அதுதான் முதல் துப்பு. அந்தச் செயலி, பதிவான பாட்டுகளோடு ஒலியை ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். தாளத்தை முதலில் வாசித்தது யார் என்பது அதற்குத் தெரியாது. ஒரே தாளத்துக்கு மூன்று பெயர் வருகிறதென்றால், மூன்று பேரும் ஒரே பொதுக் கிடங்கிலிருந்து எடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

அந்தக் கிடங்கு பையனின் போனிலேயே இருந்தது. ஆப்பிள் கருவிகளில் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்ட் செயலியில், சுற்றிச் சுற்றி ஓடும்படி பதிவு செய்த ஒலித்துண்டுகள் ஏராளம். இவற்றை லூப் என்பார்கள். அவன் எடுத்த லூப்பின் பெயர் Vintage Funk Kit 03. 2007இல் ரிஹானா பாடி உலகமெல்லாம் ஓடிய 'அம்ப்ரெல்லா' பாட்டின் டிரம்ஸும் இதே லூப்தான். அவ்வளவு பெரிய பாட்டுக்கும் நம்மூர்ப் பையனுக்கும் ஒரே மூலம்!

ஆனால் காதுக்கு ஒரே மாதிரி இருப்பது சான்றாகாது. அதே தாளத்தை வேறொருவர் புதிதாகவும் வாசித்திருக்கலாம். ஆகவே முதலில் வேகத்தைக் கணக்கிட்டோம். உரிமை கோரியவரின் பாட்டில் 16 அடி முடிய 10 விநாடி ஆனது. 16ஐ 60ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 96 அடி. 'அம்ப்ரெல்லா'வில் அதே 16 அடிக்குச் சுமார் 11 விநாடி, அதாவது 87 அடி. நாம் வைக்கும் வேகத்துக்கு ஏற்ப லூப் நீண்டும் சுருங்கியும் கொடுப்பதால், ஒரே தாளம் பாட்டுக்குப் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது.

கராஜ்பேண்டில் வேகத்தை 96 ஆக்கி, வெறும் லூப்பை மட்டும் தனிக் கோப்பாக எடுத்தோம். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அவருடைய பாட்டையும் இதையும் மேலும் கீழுமாக வைத்து, ஒன்றுக்கு மட்டும் Invert கொடுத்தோம். ஒலி அலையின் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். இரண்டும் ஒரே பதிவாக இருந்து, சத்த அளவும் சமமாக இருந்தால், சேர்த்து ஓடவிடும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். கூட்டல் ஐந்தும் கழித்தல் ஐந்தும் சேர்ந்தால் பூஜ்யம் ஆவதுபோல. தொடக்கம் ஒரு மில்லி விநாடி பிசகினாலும் சரியாக அழியாது என்பதால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் டிரம்ஸ் அமுங்கி, பாடகர் குரல் மேலே வந்தது. லேசான இரைச்சல் மிஞ்சியது. இணையத்துப் பாட்டு சுருக்கப்பட்டது என்பதால் முழுதாக அழியாது. வேறொருவர் புதிதாக வாசித்திருந்தால் இந்த அளவுக்கு அமுங்கியே இருக்காது.

இனி உரிமை விஷயம். இந்த லூப்களை நம் சொந்த இசையில் சேர்த்து வியாபாரத்துக்கும் பயன்படுத்த ஆப்பிள் அனுமதிக்கிறது. லூப்பை மட்டும் தனியாக விற்கவோ விநியோகிக்கவோ கூடாது. எல்லோருக்கும் கொடுத்த ஒன்றை ஒருவர் தனக்கே உரியது என்று சொல்ல முடியாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி விதியும் இப்படிப்பட்ட லூப்களைத் தனி உரிமையாகப் பதிய இடம் தருவதில்லை.

லூப்பின் பெயர், அது இருக்கும் செயலி, பயன்படுத்த அனுமதி உண்டு என்ற விவரம், மூன்றையும் நாலு வரியில் எழுதி ஆட்சேபம் அனுப்பினோம். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். பதிலே வரவில்லை. கோரிக்கை தானாகக் காலாவதியாகி வீடியோ திரும்பியது. கடைக்காரரும் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். அதே தாளத்தை இன்னொருவர் வீடியோவிலிருந்து உருவி எடுத்திருந்தால் இந்த வாதம் நிற்காது. அதில் அவர் சேர்த்த குரலும் இசையும் அவருக்குச் சொந்தம். பொதுவாக இருப்பது லூப் மட்டுமே. எனவே கிடங்கிலிருந்து நேராக எடுங்கள், லூப்பின் பெயரைக் குறித்து வையுங்கள், கோத்த கோப்பை அழிக்காதீர்கள். இந்தப் பையனிடம் அந்தக் கோப்பு இருந்ததால்தான் பெயரைத் தேடாமல் சொல்ல முடிந்தது.