கூனியிடம் யாரும் கேட்கவில்லை

கம்பராமாயணத்தில் கைகேயியின் மனத்தைக் கெடுக்கப் புறப்படும் கூனிக்கு ஒரு பழைய நினைவு வருகிறது. இராமன் சிறுபிள்ளையாக இருந்தபோது வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் கூன்முதுகில் அடித்து விளையாடியிருக்கிறான். அடித்தவனுக்கு அது விளையாட்டு. பட்டவள் அதை ஆண்டுக்கணக்காக வைத்திருந்து, முடிசூட்டு நாள் பார்த்து எடுக்கிறாள். பட்டிமன்றங்களில் இதைப் பலமுறை கேட்டிருப்போம். அதிகம் பேசப்படாதது இன்னொரு இடம். கிட்கிந்தா காண்டத்தில், சுக்கிரீவனுக்கு முடிசூட்டியபின் இராமன் அவனுக்கு அரசியல் அறிவுரை சொல்கிறான். எளியவர் என்று யாரையும் இகழ்ந்து நோகச் செய்யாதே, நான் அப்படி ஒருத்திக்குச் செய்ததால்தான் இந்தத் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். தன் தவறை மழுப்பாமல் ஒப்புக்கொள்கிறான். சாட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் சொன்னது சுக்கிரீவனிடம். கூனி அயோத்தியில் இருந்தாள்.

கேலி செய்து ஒருவரை நோகடித்தபின் நம்மில் பலர் செய்வதும் இதுதான். மனைவியிடம் சொல்வோம், நண்பரிடம் சொல்வோம், 'பாவம், அவரு மனசு கஷ்டப்பட்டிருக்கும்' என்று மூன்றாம் ஆளிடம் வருந்துவோம். சொல்ல வேண்டியவருக்கு மட்டும் அது போய்ச் சேராது.

மாசாயில் ஒரு புதுமனை புகுவிழா விருந்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் அந்தப் பந்தியில் இருந்தேன். பிறகு நடந்ததைக் கேலி செய்தவரும் பட்டவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். வாய்த்துடுக்கான பெரியவர் ஒருவர், எல்லாரும் அண்ணே என்று கூப்பிடும் ஆள். அவர் இல்லாவிட்டால் விருந்து களைகட்டாது. எதிர்வரிசையில் ஒரு தம்பி, மாமனார் மாமியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை போய், ஜொகூர் பாருவில் கிராப் கார் ஓட்டத் தொடங்கியிருந்தார். அண்ணன் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "இனிமே யாரும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேணாம். நம்ம தம்பிய போன்ல ஒரு தட்டு தட்டினா காரோட வந்து நிப்பாரு. அஞ்சு ஸ்டார் மட்டும் மறந்துடாதீங்க!" என்றார். பந்தியே சிரித்தது. தம்பியும் சிரித்தார், ஆனால் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு. தண்ணீர் எடுக்கப் போகிறவர்போல எழுந்தார். திரும்பி வரவில்லை. மோர் வருவதற்குள் அந்தக் குடும்பமே கிளம்பிவிட்டது.

காயம் பட்டதற்கு நம் ஊரில் இவைதான் அடையாளம். யாரும் கோபமாக எழுந்து சண்டை போடுவதில்லை. சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வரும். சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். மறுநாள் அனுப்பும் செய்தியில் நீலக் குறி விழும், பதில் வராது. நேரில் கேட்டால் "பரவால்லண்ணே" என்பார்கள். அந்தச் சொல்லை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அது, இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடுங்கள் என்பதுதான்.

அன்றிரவு அண்ணன் புலனக் குழுவில் ஒரு செய்தி போட்டார். 'இன்று விருந்தில் பேசியது யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். சும்மா தமாசுக்குத்தான்.' கீழே இரண்டு கைகூப்பு. நல்லெண்ணத்தோடு போட்டதுதான், ஆனால் காரியம் இன்னும் கெட்டது. நோகடித்தது யாரை என்று அவருக்குத் தெரியும், எனினும் 'யாருடைய' என்று எழுதினார். காயம் பட்டதும் தெரியும், எனினும் 'புண்படுத்தியிருந்தால்' என்றார். கடைசி வரி மன்னிப்பே இல்லை. தப்பு உங்கள் காதில், என் வாயில் இல்லை என்பது அதன் பொருள். இதற்கெல்லாம் மேலாக, விருந்துக்கு வராதவர்கள் குழுவில் என்ன ஆச்சு, யாரைச் சொன்னீங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள். 'அஞ்சு ஸ்டார்' பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. தோட்டத்து லயங்களில் பட்டப்பெயர் ஒட்டினால் மூன்று தலைமுறைக்கும் போகாது. அந்தப் பழக்கத்தை நாம் தாமான்களுக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

'தமாசுக்குத்தான்' என்ற சாட்டு ஏன் எடுபடுவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் அவருடைய சகாக்களும் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேலி செய்கிறவருக்குத் தன் நல்ல எண்ணம் உள்ளிருந்தே தெரிகிறது. அது சொல்லிலும் தெரிகிறது என்று நம்பிவிடுகிறார். கேட்கிறவருக்குச் சொல் மட்டுமே கிடைக்கிறது. அதனால் ஒரே கேலி, செய்தவர் கணக்கில் அன்பாகவும் பட்டவர் கணக்கில் குத்தலாகவும் பதிவாகிறது. அப்படியானால் என் எண்ணம் நல்லது என்று பிறகு விளக்கினாலும், பட்ட சொல் பட்டதுதான். வள்ளுவருக்கும் இது தெரிந்திருக்கிறது. பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டுக்காகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் என்கிறார். அதில் விதிவிலக்கு எதுவும் வைக்கவில்லை.

சில நாள் கழித்து அண்ணன் தம்பிக்குப் போன் செய்தார். "தம்பி, அன்னிக்கு நான் பேசினதப் பத்தி உங்ககிட்ட நேர்ல பேசணும். எப்ப, எங்க வசதின்னு நீங்களே சொல்லுங்க." வீட்டுக்குப் போகவில்லை, அங்கே மாமனார் இருப்பார். தம்பி ஒரு மாமாக் கடையைச் சொன்னார், தெரிந்தவர்கள் அதிகம் வராத நேரத்தையும் சொன்னார். இடத்தையும் நேரத்தையும் அவரிடம் விட்டதுதான் அண்ணன் செய்த முதல் நல்ல காரியம் என்பேன்.

அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அண்ணன் மனப்பாடமே செய்து போயிருந்தார். கார் ஓட்டுவது கேவலமில்லை, எந்தத் தொழிலும் தாழ்ந்ததில்லை, நானும் லோரி ஓட்டினவன்தான், இப்படி. நல்ல வேளை, தே தாரிக் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்ததும், "அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க தம்பி, நான் குறுக்கே பேசல" என்றார்.

தம்பி கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். "கார் ஓட்டுறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லண்ணே. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பாலம் தாண்டினவன், இதுவா பெருசு? எனக்கு வேலை போனது மாமாவுக்குத் தெரியாது. அந்த வாரம்தான் நானே உக்கார வச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஊர் கூட்டிச் சொல்லிட்டீங்க."

மனப்பாடம் செய்துவந்த பேச்சை அண்ணன் சொல்லியிருந்தால், இல்லாத காயத்துக்கு மருந்து போட்டிருப்பார். போதாக்குறைக்கு, தம்பிக்குத் தொழிலில் வெட்கம் என்று அவராகவே முடிவு செய்ததும் வெளிப்பட்டிருக்கும், அது இரண்டாவது இகழ்ச்சி. நாம் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். 2005-இல் சிந்தியா ஃபிரான்ட்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே வேறு வழியில் கண்டார்கள். தவறு நடந்த உடனே வந்து விழும் மன்னிப்பைவிட, நோகடிக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லி, அது புரிந்துகொள்ளப்பட்டது என்று உணர்ந்தபின் வரும் மன்னிப்புதான் அவருக்கு நிறைவு தருகிறதாம். இதைச் சாக்காக வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் ஆள் இருக்கிறது. தாமதம் அவர் பேசுவதற்காக, நம் கூச்சம் தெளிவதற்காக இல்லை.

பிறகு அண்ணன் சொன்னது மூன்றே வாக்கியம். "உங்க மாமாகிட்ட நீங்க சொல்ல வேண்டியத நான் பந்தியில போட்டு ஒடச்சேன். எனக்குத் தெரியாதுங்கறது ஒரு சாட்டு இல்ல, தெரியாத விசயத்துல வாய் வச்சதே தப்பு. மன்னிச்சிக்குங்க தம்பி." 'ஆனா' என்ற சொல் எங்குமே வரவில்லை. என்னை மன்னிச்சிட்டீங்களா என்று திருப்பிக் கேட்கவும் இல்லை. ராய் லூயிக்கி என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 2016-இல் மன்னிப்பின் ஆறு கூறுகளைப் பிரித்துச் சோதித்தபோது, தவறு என்னுடையது என்று ஏற்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாக வந்தது. சரிசெய்ய முன்வருவது அடுத்தது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது கடைசி, விட்டாலும் பெரிய நட்டமில்லை. நம் ஊரில் அதை ஒரு மரியாதையாகச் சொல்கிறோம், சொல்லலாம். பதிலுக்காகக் கையேந்தி நிற்கக் கூடாது.

சரிசெய்வதில்தான் அண்ணன் மறுபடி தடுக்கி விழப் பார்த்தார். "நான் வந்து மாமாகிட்டப் பேசட்டா? குழுவுல உங்க பேர் போட்டே எழுதட்டா?" என்று கேட்டார். கேட்டது நல்லதாயிற்று. தம்பி இரண்டும் வேண்டாம் என்றார். பலர் முன் செய்த தப்புக்குப் பலர் முன்தான் மன்னிப்பு என்பது பொதுவாகச் சரி. ஆனால் இங்கே அது அதே செய்தியை இன்னொரு முறை தண்டோரா போடுவதாகும். தம்பி கேட்டது ஒன்றுதான், அந்தப் பட்டப்பெயர் நிற்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் ஒருவர் 'அஞ்சு ஸ்டார் வரலியா' என்று ஆரம்பித்ததும் அண்ணன், "அத விட்டுடுங்க, நான் பேசினது தப்பு" என்று சொல்லிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சை மாற்றினார். இன்னும் சில முறை அப்படிச் செய்ய வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பெயர் நின்றது.

பலர் முன்னால்தான் கேட்டாக வேண்டும் என்ற நிலையும் உண்டு. 2025 மார்ச்சில், தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், எரா எஃப்எம் மலாய் வானொலியின் மூன்று அறிவிப்பாளர்கள் 'வேல் வேல்' என்று கூவிக் காவடியாட்டத்தைக் கேலியாக ஆடிய காணொளி நாடெங்கும் பரவியது. அறைக்குள் இருந்தவர்களுக்கு அது சிரிப்பு. காவடி தூக்கியவர்கள் அந்த அறையில் இல்லை. அறிவிப்பாளர்களும் நிறுவனமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள், அறிவிப்பாளர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள், நிறுவனத்துக்கு 2,50,000 வெள்ளி அபராதம் விழுந்தது. அங்கே ஒரு தனி ஆளைத் தேடிப் போய்க் கேட்க வழியில்லை. காணொளி போன வழியேதான் மன்னிப்பும் போக வேண்டும். ஆனால் அபராதத்தை மன்னிப்பின் கணக்கில் எழுதக் கூடாது. அது அரசு வாங்கியது.

நோன்புப் பெருநாளில் மலாய்க்கார நண்பர்கள் 'மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்' என்று, வெளியிலும் உள்ளத்திலும் செய்த பிழைகள் எல்லாவற்றுக்கும் கைகொடுத்து மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். கேட்பதற்கென்று ஒரு நாள் இருப்பது பெரிய வசதி, கூச்சம் பாதி குறைந்துவிடும். ஆனால் வரிசையில் நின்று எல்லாருக்கும் சொல்லும் அந்தச் சொல், பந்தியில் ஒருவரைக் குறிவைத்து உடைத்ததற்குப் போதாது என்று அவர்களே சொல்வார்கள். அதற்குத் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், பழைய நெருக்கம் இல்லை. நன்றாகக் கேட்ட மன்னிப்புக்கும் அவ்வளவுதான் கிடைக்கும் சமயங்கள் உண்டு; தம்பிக்கு அந்த உரிமை இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாராவது ஒருவர் முகம் தோன்றினால், புலனக் குழுவைத் திறக்காதீர்கள். அவர் ஓய்வாக இருக்கும் நேரம் எது என்று அவரிடமே கேளுங்கள்.