எண்ணினால் மட்டும் போதாது: பஞ்ச வருடங்களை மரம் எப்படிச் சொல்கிறது?

2022 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள், கடந்த 1,200 ஆண்டுகளிலேயே மிக வறண்டவை என்று ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. எங்கள் டெஸ்க்கில் அதை எழுதும் வேலை என்னிடம் வந்தது. தலைப்பில் '1,200 ஆண்டு' என்று போட்டதும் பக்கத்து சீட் சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, 1,200 வருஷத்துக்கு முன்னாடி அங்க யாரு மழைமானி வெச்சு அளந்தது?"

"மரத்தோட வளையத்தை வெச்சு கண்டுபிடிச்சிருக்காங்கண்ணா."

"வளையத்தை எண்ணினா வயசு தெரியும். மழை எப்படித் தெரியும்? எண்ணும்போது ஒண்ணு விட்டுப்போச்சுன்னா?"

செய்தி அன்றைக்கே போய்விட்டது. 'ஒண்ணு விட்டுப்போச்சுன்னா' என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இந்தத் துறையே அந்தக் கேள்விக்கான பதிலில்தான் நிற்கிறது என்று பிறகு புரிந்தது.

பென்சில் தடிமனில் ஒரு துண்டு

குளிரும் வறட்சியும் உள்ள ஊர்களில் பைன் போன்ற மரங்கள் வசந்தத்தில் வேகமாக வளரும். அப்போது உருவாகும் மரம் வெளிர் நிறம். கோடை முடியும்போது வளர்ச்சி மந்தமாகி, அடர்த்தியான கரும்பட்டை ஒன்று விழும். வெளிரும் கருப்பும் சேர்ந்தது ஒரு வருடம். நீர் குறைந்த வருடத்தில் அந்த வளையம் ஒல்லியாகிவிடும்.

இதைப் பார்க்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே துளையுள்ள ஒரு திருகுக் கருவியைக் கையால் திருகி, பட்டையிலிருந்து நடுப்பகுதி வரை செலுத்துகிறார்கள். சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனில், மெல்லிய பென்சில்போல ஒரு மரத்துண்டு வெளியே வரும். துளையை மரம் தன் பிசினாலேயே அடைத்துக்கொள்ளும். துண்டைப் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் ஒட்டிக் காயவைத்து, சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி நைசான தாள் வரை தேய்ப்பார்கள். நுண்ணோக்கியில் மரத்தின் செல்கள் தனித்தனியாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒல்லி வளையங்கள் கண்ணுக்கே தெரியாது.

பட்டையை ஒட்டிய கடைசி வளையத்தின் வருடம் தெரியும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் எல்லா வளையத்துக்கும் வருடம் போட்டுவிடலாமே? முடியாது. கடும் வறட்சியில் மரம் மேலே கிளைகளின் பக்கம் மட்டும் கொஞ்சம் வளர்ந்துவிட்டு, அடிமரத்தில் வளையமே போடாமல் விட்டுவிடும். சில நேரம் ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் விட்டுவிடும். நாம் தேடுகிற வறட்சி வருடம்தான் எண்ணிக்கையிலிருந்து காணாமல் போகிறது. இதற்கு நேர்மாறாக, பருவத்தின் நடுவே கொஞ்சநாள் காய்ந்து பிறகு மழை பெய்தால், ஒரே வருடத்தில் இரண்டு கரும்பட்டைகள் விழும். அதைப் பொய் வளையம் என்கிறார்கள். உண்மை வளையத்தின் வெளி விளிம்பு கத்தியால் கீறியதுபோல் இருக்கும். பொய் வளையம் இரு பக்கமும் மெல்ல மங்கிக் கரையும்.

கட்டம் போட்ட நோட்டில் ஒரு கணக்கு

இதற்கு விடை கிராஸ்டேட்டிங். ஒரு மரத்தை அதே பகுதியின் மற்ற மரங்களோடு வைத்து ஒப்பிடுவது. ஒரே மழையைக் குடித்த மரங்களில் ஒல்லி வளையங்கள் ஒரே வரிசையில்தான் வர வேண்டும்.

படித்தது மண்டையில் ஏறாததால், கட்டம் போட்ட நோட்டை எடுத்து நானே ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டம் ஒரு வருடம். அக்கம்பக்கத்து வளையங்களைவிட ஒல்லியாக இருக்கும் வளையத்துக்கு மட்டும் கோடு. எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு நீளக் கோடு. ஆய்வாளர்களும் இப்படித்தான் கிராஃப் தாளில் வரைகிறார்கள்.

முதல் மரத்தில் பட்டையிலிருந்து உள்நோக்கி 5, 9, 12, 16, 22-வது வளையங்கள் ஒல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-வது மிக மிக ஒல்லி. இரண்டாவது மரத்தில் 5, 9, 15, 21.

இரண்டு தாளையும் ஒன்றன்கீழ் ஒன்று வைத்தால் 5-ம் 9-ம் பொருந்துகின்றன. அதற்குப் பிறகு எல்லாமே ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. ஆனால், கடைசி இரண்டு கோடுகளுக்கு இடையே இரண்டு மரத்திலும் ஆறு வருட இடைவெளிதான். ஆக, தவறு 9-க்கும் 16-க்கும் நடுவே மட்டும் நடந்திருக்கிறது.

இரண்டாவது மரம் ஒரு வளையத்தை விட்டுவிட்டதா, முதல் மரம் பொய் வளையம் ஒன்றைக் கூட்டிவிட்டதா? இரண்டு மரத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மூன்றாவது மரத்திலும் 5, 9, 12, 16, 22 என்றே வந்தால், அதிலும் 12-வது மிக ஒல்லியாக இருந்தால், விஷயம் தெளிவு. அந்த வருட வளையத்தை இரண்டாவது மரம் போடவே இல்லை. அந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம் சேர்த்து, அகலம் பூஜ்யம் என்று எழுதுவார்கள். அதற்குப் பின்னால் எல்லாம் வரிசையாக வந்து பொருந்திவிடும். நிஜத்தில் மூன்று மரம் போதாது. ஓர் இடத்தில் இருபது, முப்பது மரங்கள், மரத்துக்கு இரண்டு துண்டு என்று எடுப்பது வழக்கம்.

ஒரு வருடம் பிசகினால் என்ன பெரிய நஷ்டம்? பத்து மரங்களின் சராசரி எடுக்கிறோம். அதில் ஐந்து ஒரு வருடம் தள்ளி நின்றால், இவற்றின் வறட்சி வருடம் அவற்றின் நல்ல வருடத்தோடு கலந்துவிடும். கடும் பஞ்சம் ஒன்று சராசரியில் கரைந்து சுமாரான இரண்டு வருடங்களாகத் தெரியும். அதற்கு முந்தைய எல்லா நூற்றாண்டும் அதேபோலக் கலங்கும்.

கருகிய ஒரு உத்தரம்

இந்த முறையை வளர்த்தெடுத்தவர் ஆண்ட்ரூ டக்ளஸ் என்ற வானியலாளர். சூரியப் புள்ளிகளுக்கும் பூமியின் மழைக்கும் தொடர்பு தேடி அரிசோனாவில் மரங்களைப் பார்க்கத் தொடங்கியவர். உயிரோடு நிற்கும் மரங்களின் உள்பகுதியும், பழைய வீடுகளின் உத்தரத்தின் வெளிப்பகுதியும் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்தால், வரிசையை இன்னும் பின்னால் நீட்டலாம் என்று கண்டார். 1920-களின் இறுதியில் அவரிடம் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று, இன்றிலிருந்து சுமார் 1260 வரை போகும் வருடம் தெரிந்த வரிசை. இன்னொன்று, பூர்வகுடி மக்கள் விட்டுப்போன கட்டடங்களின் உத்தரங்களிலிருந்து கிடைத்த 585 வருட வரிசை. அதற்குள் எல்லாம் பொருந்தியது. ஆனால், அது எந்த நூற்றாண்டு என்று மட்டும் தெரியாது.

1929 ஜூன் 22. அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் லிண்டன் ஹார்கிரேவ், எமில் ஹாவ்ரி இருவரும் தோண்டிய இடத்தில் கருகிய உத்தரம் ஒன்று கிடைத்தது. உடைந்துவிடாமல் நூல் சுற்றி மெழுகுக் கரைசலில் நனைத்து எடுத்தார்கள். அதற்கு எச்.எச்-39 என்று பெயர். டக்ளஸ் வளையங்களைப் படித்தார். உள் வளையம் 1237, வெளி வளையம் 1380. வெளிப்பகுதி வருடம் தெரிந்த வரிசையோடும், உள்பகுதி வருடம் தெரியாத வரிசையின் கடைசிப் பகுதியோடும் பொருந்தியது. 585 வருட வரிசை சுமார் கி.பி. 700-ல் தொடங்கி 1280-களில் முடிகிறது என்று முடிவானது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கடுத்து வருகிறது. அந்த இரண்டு வரிசைகளும் ஏற்கெனவே சில ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் இருந்தன. ஆனால், அந்தக் காலத்து மரத்துண்டுகள் குறைவு, வளையங்களும் மிக ஒல்லி. பொருந்துகிறது என்று துணிந்து சொல்ல முடியவில்லை. காரணம், 1276 முதல் 1299 வரை அங்கே நீண்ட வறட்சி. தேடிய வறட்சியே தேடுவதற்கான தடயத்தை அழித்து வைத்திருந்தது.

அகலத்திலிருந்து மழைக்கு

வருடம் சரியாகிவிட்டால் அடுத்தது அளவு. இளம் மரம் தடித்த வளையம் போடும். முதுமரம் ஒல்லியாகப் போடும். அது வயது, வறட்சி அல்ல. அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் 'இந்த வயதில் இவ்வளவு வளர்ந்திருக்கணும்' என்று ஒரு வளைகோடு போட்டு, நிஜ அகலத்தை அதனால் வகுக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் வரவேண்டிய இடத்தில் 1.5 வந்தாலும், 0.5 வரவேண்டிய இடத்தில் 0.25 வந்தாலும் விடை 0.5 தான். இப்படிக் கிடைக்கும் எண்களின் சராசரியே அந்தப் பகுதியின் வளையக் காலவரிசை.

பிறகு மழைமானிப் பதிவு இருக்கும் காலத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதியில் வளையத்துக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, மறுபாதியின் மழையை வளையத்தை மட்டும் வைத்துச் சொல்லிப் பார்க்கிறார்கள். அது பதிவோடு ஒத்துப்போனால்தான் பழைய நூற்றாண்டுகளுக்குப் போகலாம். அப்போதும் ஓர் எல்லை உண்டு. மழை எவ்வளவு கொட்டினாலும் மரம் ஓரளவுக்கு மேல் வளராது. அதனால் வறட்சியைச் சொல்லும் அளவுக்கு வெள்ளத்தை அது சொல்வதில்லை.

நம் பக்கத்து மரங்கள்

குளிர்காலம் இல்லாத நம் பகுதியில் பல மரங்கள் தெளிவான வருட வளையம் போடுவதில்லை. தேக்கு விதிவிலக்கு. வறண்ட மாதங்களில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும், மறுபடி துளிர்க்கும்போது பெரிய துளைகளோடு புது வளையம் தொடங்கும். கேரளத் தேக்கிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசை கட்டியிருக்கிறார்கள். ஆசியா முழுவதும் இப்படிச் சேர்த்த 327 வரிசைகளை வைத்து, 2010-ல் எட்வர்ட் குக் குழுவினர் பருவமழை வறட்சி வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் பெரிய வறட்சிகளில் ஒன்று 1876 முதல் 1878 வரை.

அந்த வருடங்களைப் பார்த்ததும் சிவகங்கைப் பக்கம் இருக்கும் அப்பத்தாவுக்கு போன் போட்டேன். சின்ன வயதில் அவர் வாயில் அடிக்கடி கேட்ட 'தாது வருஷப் பஞ்சம்' அதுதான்.

"தாது வருஷம் மழை பெய்யலைன்னு மரத்துல இருக்காம் அப்பத்தா."

"மழை பெய்யலைதான். ஆனா நெல்லு கப்பல்ல போச்சுன்னு எங்க பாட்டி சொல்லும். அதுவும் மரத்துல இருக்கா?"

இல்லை. பஞ்சத்தின்போதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நடந்தது ஆவணங்களில் இருக்கிறது, வளையத்தில் இல்லை. அரிசோனா பக்கத்திலும் இதே கதைதான். 1200-களின் இறுதியில் மேசா வெர்டே பகுதி மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். அவர்கள் கடைசியாக எப்போது மரம் வெட்டினார்கள், அப்போது வறட்சி இருந்ததா என்பதை வளையம் சொல்கிறது. அது மட்டும்தான் காரணமா, சண்டையும் நம்பிக்கைகளும் சேர்ந்து துரத்தினவா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

அப்பத்தாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, "அப்போ மரம் பாதி சாட்சிதான். மீதியை நாமதான் சொல்லிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.