நெற்றி யாருடையது?

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் இளமைக் காலத்தைப் பாடசாலை விழாவுக்காக நாங்கள் நாற்பது செக்கன் வீடியோவாகச் செய்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதைப் பார்த்த பலர் இன்பாக்ஸில் கேட்டது ஒரே கேள்விதான்: "சேருக்கு முன்தலையில் முடியே இல்லை. நடித்த தம்பிக்கோ காடு மாதிரி முடி. எப்படிப் பொருந்தியது?" உண்மையில் அந்தத் தம்பியின் தலையில் அது பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை, பிறகு என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகமாற்று வீடியோ நம்மவர்களுக்குப் புதிதல்ல. 2023இல் 'ஜெயிலர்' படத்தின் காவாலா பாட்டில் தமன்னாவின் முகத்துக்குப் பதிலாக சிம்ரனின் முகம் வந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. அதைச் செய்தவர் செந்தில் நாயகம். 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாவில், 2018இல் காலமான கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அதையும் அவருடைய மியூனியம் நிறுவனம்தான் செய்தது.

இந்த இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிம்ரன், தமன்னா இருவருக்குமே நிறைந்த முடி. நெற்றி ஓரத்தில் கோடு இரண்டு மில்லிமீற்றர் தள்ளினாலும் யாருக்கும் தெரியாது, முடி மூடிவிடும். கலைஞர் அப்படியல்ல. கறுப்புக் கண்ணாடிக்கும் மஞ்சள் துண்டுக்கும் சமமாக அந்த ஏறிய நெற்றியும் அவருடைய அடையாளம். அந்த முகத்தை எடுத்து நெற்றியில் முடி விழும் ஓர் இளைஞரின் தலையில் ஒட்டினால் கண், மூக்கு, வாய் எல்லாம் சரியாக இருந்தும் அது கலைஞராகத் தெரியாது. எங்கள் சேரின் சிக்கலும் இதேதான்.

காரணம் மென்பொருளின் அடியிலேயே இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தியது டீப்ஃபேஸ்லாப். அது முகத்தை 68 புள்ளிகளால் அடையாளம் காண்கிறது. தாடைக் கோட்டுக்கு 17, இரண்டு புருவங்களுக்கும் சேர்த்து 10, மூக்குக்கு 9, கண்களுக்கு 12, வாய்க்கு 20. கூட்டிப் பாருங்கள், நெற்றிக்கு ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. புருவத்துக்கு மேலே என்ன இருக்கிறதென்று அதற்கு அளந்து தெரியாது. கீழே இருக்கும் புள்ளிகளை வைத்து, இவ்வளவு தூரம் நெற்றி இருக்கும் என்று ஓர் எல்லை போட்டு வெட்டிக்கொள்கிறது. முடி எங்கே தொடங்குகிறது என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இனி எங்கள் கதை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன்னால், சேர் பாதையில் கடல் கடந்து படிப்பிக்கப் போன காட்சிதான் எடுக்க வேண்டியது. (பாதை என்றால் படகுப்பாதை, வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்.) முகம் தருபவர் எழுபது தாண்டிய சேர். உடல் தருபவர் எங்களோடு படிப்பிக்கும் தம்பி. வயதும் உயரமும் சரி, நடையும் சரி. ஆனால் கடற்காற்றில் முடி நெற்றியில் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

முதலில் புருவம் வரைக்கும் மட்டும் மாற்றும் `full_face` வகையில் செய்தோம். வேலை சுத்தமாக வந்தது, ஓரம் எங்கும் தெரியவில்லை. சேரின் வீட்டில் போட்டுக் காட்டினோம். டீச்சர் (சேரின் மனைவி) பார்த்துவிட்டு, "இது இவரல்ல மகன், இவருடைய தம்பி மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. மனித முகத்தை முடிக்கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து நாடி என்று மூன்று பங்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். நடித்த தம்பிக்கு மூன்று பங்கும் ஏறக்குறைய சமம். சேருக்கு மேல்பங்கு கீழ்ப்பங்கைவிட ஒன்றரை மடங்கு. அதுவும் முதுமையில் வந்ததல்ல. டீச்சர் எடுத்துத் தந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், முப்பது வயதிலேயே இரண்டு பொட்டுகளிலும் முடி ஏறிப்போயிருந்தது. மேல்பங்கை இன்னொருவரிடம் கடன் வாங்கினால் முகத்தின் அளவே மாறிவிடுகிறது.

அடுத்து நெற்றியையும் சேர்த்து மாற்றும் `whole_face`. இங்கேதான் முடி முகத்தில் அடித்தது. இந்த வகையில் எது தோல், எது முடி என்பதை `XSeg` என்ற பகுதியில் கையால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் போட வேண்டும்:

```
5.XSeg) data_src mask - edit.bat
5.XSeg) data_dst mask - edit.bat
5.XSeg) train.bat
```

நாற்பது செக்கன் வீடியோ என்பது செக்கனுக்கு 25 படம் வீதம் ஆயிரம் படம். எல்லாவற்றுக்கும் கோடு போடத் தேவையில்லை. தலை திரும்புகிற, காற்று மாறுகிற, நிழல் விழுகிற இடங்களாகத் தெரிந்தெடுத்து அறுபது படத்துக்குப் போட்டோம். மிச்சத்தை அது பழகிக்கொள்கிறது. சேரின் படங்களில் கோடு ஏறிய நெற்றியின் உச்சிவரை போகும். தம்பியின் படங்களில் முடி விழும் இடத்தோடு நிற்கும்.

கடைசியில் ஒட்டும்போது இந்த இரண்டு மாஸ்க்கையும் எப்படிச் சேர்ப்பது என்று மென்பொருள் கேட்கும். தேவையான தெரிவு `XSeg-prd*XSeg-dst`. பெருக்கல் குறி என்றால் இரண்டிலும் தோலாக இருக்கும் இடம் மட்டும். அப்போது தம்பியின் முடி முடியாகவே நிற்கும். கூட்டல் குறி போட்ட `learned-prd+learned-dst` போன்ற தெரிவு வேறு சில வேலைகளுக்கு நல்லது. முடி ஏறியவரின் முகத்தை முடி நிறைந்தவரின் தலையில் வைக்கும்போது அது முடிக்கு மேலேயே தோலைப் பூசிவிடும், நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியதுபோல. நிறமும் கெடும். நிறப் பொருத்தத்துக்கு `rct` போட்டால் அது மாஸ்க்குக்குள் இருப்பதன் சராசரி நிறத்தை எடுக்கிறது. மாஸ்க்குக்குள் கறுத்த முடி அகப்பட்டால் சராசரி இருண்டு, முகம் முழுவதும் சாம்பல் அப்பும். முகம் ஏன் மங்கலாக வருகிறது என்று தேடுகிறவர்கள் முதலில் நெற்றி மாஸ்க்கைப் பாருங்கள்.

பயிற்சி கொடுக்கும்போது `masked_training` தெரிவுக்கு `y` கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மாஸ்க்குக்கு வெளியே இருப்பதையும் கற்கப் பார்க்கும். ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் முடி. இரண்டையும் பார்த்துக் குழம்பி, சேரின் நெற்றி உச்சியில் பழுப்பாக ஒரு அழுக்கைப் பூசும். தலை திரும்பும்போது அந்த அழுக்கு ஊர்ந்து போகும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் இரண்டு விஷயம் மிஞ்சியது. ஒன்று, காற்றில் பறக்கும் தனி முடி. `XSeg` மாஸ்க் 256க்கு 256 புள்ளிகளில்தான் வேலை செய்கிறது. ஒரு மயிரிழை அதில் ஒரு புள்ளிகூட வராது. அதனால் இழைகள் பாதியில் வெட்டுப்பட்டு, படத்துக்குப் படம் தோன்றி மறைந்தன. மற்றது நிழல். தம்பியின் நெற்றியில் முடியின் நிழல் விழுகிறது. அந்த இடத்தில் நாங்கள் வைத்த சேரின் நெற்றியில் நிழல் இல்லை, அவர் தலையில் நிழல் விழுத்த எதுவும் இருந்ததில்லையே! முடி இருக்கிறது, அதன் நிழல் இல்லை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று கண் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களைச் சோதிக்க விரும்புகிறவர்களும் இந்த இடத்தைத்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும்: பொட்டு மூலை, நெற்றியில் முடியின் நிழல், தலை திரும்பும் கணம்.

மாஸ்க்கைக் கீழே இறக்கி ஓரத்தை நன்றாக மங்கவிட்டால் இரண்டும் மறையும். ஆனால் பாதி நெற்றி திரும்பவும் தம்பியுடையதாகிவிடும். டீச்சர் திரும்பவும் தம்பி என்பார். முழுத் தலையையும் மாற்றும் `head` வகையும் இருக்கிறது. அதில் சேரின் மொட்டை உச்சியே வந்துவிடும். ஆனால் சேரின் தலைக்கு வெளியே தம்பியின் முடி நீட்டிக்கொண்டு நிற்கும். அதை அழித்து, பின்னால் இருக்கும் கடலையும் ஆட்களையும் ஆயிரம் படத்திலும் வரைய வேண்டும். அசையும் பாதையில் எடுத்த காட்சிக்கு அது எங்களால் ஆகாத வேலை.

தொப்பி போட்டுவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல யோசனைதான், முடிக்கோடே மறைந்துவிடும். பாடசாலைக் காட்சி ஒன்றில் அப்படியே செய்தோம். தொப்பியின் விளிம்பை மாஸ்க்குக்கு வெளியே விட்டு, சேர் தொப்பியோடு இருக்கும் படங்களிலும் அதேபோல் விட்டால் போதும், சுகமான வேலை. ஆனால் பாதைக் காட்சிக்கு சேர் சம்மதிக்கவில்லை. "நான் காற்றுக்குத் தொப்பி பறக்குமென்று பொக்கட்டில வச்சிக்கிட்டுத்தான் போறது" என்றார். பழைய மாணவர்களுக்கும் அந்த வெறுந்தலைதானே ஞாபகம்.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்களோடு படிப்பிக்கும் இன்னொரு நானா உம்றா முடித்துத் தலை மழித்து ஊர் வந்திருந்தார். தம்பியைவிடச் சற்றுக் குண்டு, ஆனால் முகத்தின் அகலம் சேருடையதைப்போல. பாதைக் காட்சியை அவரை வைத்துத் திரும்ப எடுத்தோம். இப்போது நெற்றிக்கு மேலே வெட்டுப்பட எதுவும் இல்லை. `whole_face` எட்டாத உச்சி அவருடையது, அதுவும் வெறுந்தலை.

மழித்த தலைக்கும் ஏறிய நெற்றிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மழித்த இடத்தில் முடிக்கோடு நீல நிழலாக மிஞ்சியிருக்கும், சேரின் நெற்றியோ பளபளப்பு. அந்த நிழலையும் தோலாகக் கணித்து மாஸ்க்குக்குள் எடுத்தோம். முன்பக்கத்தில் சேரின் நெற்றி வந்து அமர்ந்தது. பக்கவாட்டிலும் பின்னாலும் நீல நிழல் அப்படியே நின்று, ஒட்ட வெட்டிய முடிபோலத் தெரிந்தது. பழைய படத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதேதான். ஓரத்தை மட்டும் அதிகம் மங்கவிட்டோம், பளபளப்பு நிழலுக்குள் மெல்லக் கரையட்டும் என்று.

முழுப் பக்கவாட்டாகத் திரும்பும் மூன்று செக்கன் மட்டும் சரிவரவில்லை. அங்கே நெற்றியின் வளைவே வெளிக்கோடாகிவிடுகிறது. நானாவின் மண்டை வளைவு வேறு, சேருடையது வேறு. அதை வெட்டி, அந்த இடத்தில் கடலைக் காட்டினோம்.

டீச்சர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, திரும்பப் போடச் சொன்னார். சேர்தான், "நான் இவ்வளவு குண்டா இருந்தேனா?" என்று கேட்டார்.

கணினியில் மாற்றிய காட்சி என்று வீடியோவின் தொடக்கத்திலேயே எழுதிப் போட்டோம். விழா முடிந்த அன்றைக்கே சேரின் முகப் படங்கள் இருந்த `data_src` கோப்புறையையும் பழக்கிய `model` கோப்புறையையும் அவருடைய மகனின் முன்னால் அழித்துவிட்டோம். ஆகவே "எங்களுக்கும் அந்த மொடலைத் தாங்களேன்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.