அறுபது பக்கம் ஒரு தாளுக்குள்

திங்கள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் பிராண்டு கையேட்டைக் கவுன்ட்டர் ஊழியருக்காக ஒரே தாளாகச் சுருக்கும் வேலை. கையேடு அறுபது பக்கம். லோகோ, நிறம் எல்லாம் போக, எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு மட்டும் பதினொரு பக்கம். "சேர்ந்தப்போ குடுத்தாங்க சார், அப்புறம் எடுத்துப் பாக்கலை" என்றார் கவுன்ட்டர் பெண். காதில் போன், கையில் வாட்ஸ்அப், எதிரே வரிசை. எப்போது பார்ப்பார்? கையேட்டை மூடிவிட்டு, பெயரும் எண்ணும் நீக்கிய பழைய வாட்ஸ்அப் செய்திகளைக் கேட்டு வாங்கினேன்.

செவ்வாய்

'ரிப்போர்ட் ரெடி' வகைச் செய்திகளில் குறையே இல்லை. கெட்ட செய்தி சொல்லும்போதுதான் தடுமாறுகிறார்கள். ஒன்று: "தங்கள் சாம்பிள் ரிஜெக்ட் செய்யப்பட்டது. மீண்டும் வரவும்." படிப்பவருக்குத் தன் ரத்தத்திலேயே ஏதோ கோளாறு என்று படும். நடந்தது வேறு: குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதனால் மறுபடி எடுக்கவேண்டும். 'பரிவோடு பேசுக' என்ற கையேட்டு வரி இந்த இடத்தில் கைகொடுக்காது. எதை முதலில் சொல்வது என்ற வரிசை கைகொடுக்கும். என்ன ஆயிற்று, ஏன், நாங்கள் செய்வது, நீங்கள் செய்யவேண்டியது. அந்த வரிசையில் மாற்றி எழுதினேன்:

"அம்மா, காலையில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்திருப்பதால் பொட்டாசியம் சரியாகத் தெரியாது. நாளை வீட்டுக்கே வந்து எடுக்கிறோம், கட்டணம் இல்லை. எத்தனை மணிக்கு வரலாம்?"

புதன்

பதினொரு பக்கத்தையும் ஒரே கேள்வியால் சலித்தேன்: இந்த வரியை எடுத்துவிட்டால் ஊழியர் எழுதும் வாக்கியம் ஏதாவது மாறுமா? 'அன்பு, நம்பிக்கை, தெளிவு' மூன்றும் போயின. 'தங்கள்' வேண்டாம், 'உங்கள்' போதும் என்பது நின்றது. மெயில்சிம்ப் நிறுவனத்தின் எழுத்துக் கையேட்டில் ஒரு வேறுபாடு உண்டு: நம் குரல் என்றும் ஒன்றே, கேட்பவரின் மனநிலைக்கேற்பத் தொனி மாறும். தாளின் மேல்பாதியைக் குரலுக்கும் கீழ்ப்பாதியைத் தொனி மாறும் நாலு சந்தர்ப்பங்களுக்கும் கொடுத்தேன்.

வியாழன்

'பயப்பட ஒன்றுமில்லை' என்று நான் சேர்த்திருந்த வரியை லேப் டாக்டர் அடித்துவிட்டார். முடிவு வருமுன் அந்த உறுதியைக் கவுன்ட்டர் தரக்கூடாது. சரியான திருத்தம். 'நார்மல்தான்' என்பதையும் சேர்த்து, சொல்லக்கூடாதவை என்று சிவப்பில் போட்டோம்.

சனி

ஊழியர்களிடம் தாளைக் கொடுத்து, ரத்தத்தின் அளவு போதவில்லை என்று நோயாளிக்கு எழுதச் சொன்னேன். ஒருவர் தாளிலிருந்த மாதிரிச் செய்தியை அப்படியே எடுத்து 'அணுக்கள் உடைந்ததால்' என்றே எழுதினார். ஒரு மாதிரிச் செய்தி மட்டும் இருந்தால் அதுவே படிவமாகிவிடுகிறது. காரணம் வேறுபடும் இரண்டை அருகருகே வைத்தால்தான் மாறாத வரிசை கண்ணில் படும். அதற்கு இடம் வேண்டி எழுத்தைச் சிறிதாக்க மனமில்லை, கவுன்ட்டரில் நின்றபடி படிக்கவேண்டிய தாள். நிறுவன வரலாற்று வரியை எடுத்தேன். அடியில் தேதியும், சந்தேகம் வந்தால் கூப்பிட மேலாளரின் எண்ணும். திங்கட்கிழமை பில்லிங் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டுகிறார்கள்.