எத்தனையும் எவ்வளவும்

ஆங்கிலப் பாடம் சொல்லித்தரும் உபாத்தியாயர்கள் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே மனப்பாடம் செய்விக்கும் சூத்திரங்களுள் ஒன்று, எண்ணத்தக்க பொருளாயின் ‘மெனி’, ‘ஃபியூவர்’ என்றும், எண்ண இயலாத பொருளாயின் ‘மச்’, ‘லெஸ்’ என்றும் சொல்ல வேண்டும் என்பது. மாம்பழத்தை எண்ணலாம், பாலை எண்ண முடியாது என்று இரண்டு உதாரணங்களைக் காட்டிவிட்டால் விஷயம் முழுவதும் விளங்கிவிட்டதாகவே தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, ஊர் பத்து மைலுக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, மைல் எண்ணத்தக்கதாயிற்றே என்று யோசித்து, ‘ஃபியூவர் தேன் டென் மைல்ஸ்’ என்று எழுதி வைப்பான். அவன் கற்ற சூத்திரத்தின்படி அதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பாஷையைப் பிறவியிலேயே பேசுகிறவர்கள் ‘லெஸ் தேன் டென் மைல்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். பிறர் எழுதிக் கொண்டுவரும் ஆங்கில வரைவுகளில் இத்தகைய இடங்களைத் திருத்தித் திருத்திப் பழகியவன் என்ற முறையில், பொருளைப் பார்த்து எண்ணத்தக்கதா அல்லவா என்று கேட்கும் அந்தச் சூத்திரம் அடித்தளத்திலேயே கோணலானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு; அதைக் கேட்பதற்கான கருவியும் நம் கையிலேயே இருக்கிறது. நம் முன்னோர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுத்தார்கள். தேங்காயை எண்ணினார்கள், புளியை நிறுத்தார்கள், நெல்லைப் படியால் முகந்தார்கள், துணியை முழத்தால் நீட்டி அளந்தார்கள். பின்னவை மூன்றிலும் எண் வரத்தான் செய்கிறது. ஐந்து வீசை, ஐந்து படி, ஐந்து முழம் என்றுதான் சொல்கிறோம். ஆயினும் அங்கே ஐந்து என்பது தனித்தனியாக நிற்கும் ஐந்து பொருள்களைக் குறிப்பதன்று. ஒன்றாய்க் கிடக்கும் ஒரு பொருளின் அளவு எங்கே முடிகிறது என்பதைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபியூவர்’ என்பது எண்ணலுக்கு மட்டுமே உரிய சொல். எடுத்தலும் முகத்தலும் நீட்டலும் ‘லெஸ்’ஸின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆகையால்தான் பத்து மைல், ஐந்து கிலோ, மூன்று வாரம், நூறு ரூபாய் ஆகியவற்றுக்கெல்லாம், அந்தச் சொற்கள் பன்மை வடிவிலே நின்றபோதிலும், ‘லெஸ்’ என்பதே பொருந்துகிறது. பையில் இருப்பது நூறு ரூபாய்க்குக் குறைவு என்றால் ‘லெஸ்’. அதே பையில் கிடக்கும் நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து இருபதுக்குக் குறைவு என்றால் ‘ஃபியூவர்’. பணம் மாறவில்லை, நாம் அதைப் பார்க்கும் பார்வைதான் மாறியிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எத்தனை மைல் என்று கேட்கும்போது ஆங்கிலேயரும் ‘ஹௌ மெனி மைல்ஸ்’ என்றே கேட்கிறார்கள். விடை சொல்லும்போது மட்டும் ‘லெஸ் தேன் டென்’ என்கிறார்கள். ‘மெனி’ வந்த இடத்தில் ‘ஃபியூவர்’ வந்தே தீர வேண்டும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கேள்வியில் அலகை எண்ணுகிறார்கள். விடையில் தூரத்தை அளக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் வெறும் செவிக்கினிமை சம்பந்தப்பட்டதன்று என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது மழை. ஒரு சமயம் இளைஞர் ஒருவர் தமிழ்ச் செய்திக் குறிப்பொன்றை ஆங்கிலமாக்கிக் கொண்டுவந்தார். மூலத்தில் ‘இவ்வாண்டு மழை குறைவு’ என்றிருந்ததை ‘லெஸ் ரெயின்’ என்று அவர் பெயர்த்திருந்தார். “மழை பெய்த நாள்கள் குறைவா, பெய்த மழை குறைவா?” என்று கேட்டேன். “இரண்டும் ஒன்றுதானே, சார்?” என்றார் அவர். இரண்டும் ஒன்றன்று. இந்திய வானிலைத் துறையினர் ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கில் சேர்ப்பார்கள். ஓர் ஊரில் முன்னாண்டுப் பருவத்தில் 40 மழை நாள்களில் 800 மில்லிமீட்டரும், இவ்வாண்டுப் பருவத்தில் 25 மழை நாள்களில் 900 மில்லிமீட்டரும் பெய்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது ‘ஃபியூவர் ரெயினி டேஸ்’ என்பது உண்மை. ‘லெஸ் ரெயின்’ என்பது பொய். ஏரிப் பாசனத்தை நம்பும் குடியானவன் இந்த ஆண்டை நல்ல ஆண்டு என்பான். இரண்டு மழைகளுக்கு நடுவே நெடுநாள் காய்ந்துபோன மானாவாரிக் கடலைக் கொல்லைக்காரன் கெட்ட ஆண்டு என்பான். அந்தக் குறிப்புக்கு ஆதாரமான கணக்கைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அதில் நாள் கணக்கு மாத்திரமே இருந்தது. மில்லிமீட்டர்க் கணக்கே இல்லை. தமிழில் ‘குறைவு’ என்ற ஒரே சொல் இரண்டையும் தாங்கிக்கொண்டதால், எழுதியவருக்கே எதைச் சொல்கிறோம் என்ற பிரக்ஞை இல்லாமற் போயிற்று. ஆங்கிலத்திலோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

அதற்காக நம் பாஷைக்கு இந்தப் பாகுபாடே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எத்தனை மாம்பழம் என்கிறோம், எவ்வளவு பால் என்கிறோம். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவர்கூட இதை மாற்றிச் சொல்வதில்லை. ஆகவே ‘மெனி’யா ‘மச்’சா என்று சந்தேகம் வரும்போது, எத்தனையா எவ்வளவா என்று மனத்துக்குள் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். வழி தவறும் இடங்களும் உண்டு. அங்கே குற்றம் அளவைச் சொல்லில் இல்லை, பெயர்ச்சொல்லில் இருக்கிறது. எத்தனை தகவல்கள், எத்தனை அறிவுரைகள், எத்தனை மரச்சாமான்கள், எத்தனை மூட்டை முடிச்சுகள் என்று நாம் கூசாமல் எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’ எல்லாம் பாலைப் போலப் பாவிக்கப்படுபவை. பன்மை விகுதி ஏற்காதவை. எண்ணியே தீரவேண்டுமானால் முன்னால் ‘பீஸ்’ என்ற ஒன்றை வைத்து அதைத்தான் எண்ண வேண்டும். நாற்காலியை எண்ணலாம், மேஜையை எண்ணலாம், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ‘ஃபர்னிச்ச’ரை எண்ணக் கூடாது என்றால், எண்ணத்தகுதி என்பது பொருளின் ஸ்வபாவத்தில் இல்லை என்பது தெளிவு.

தானியங்களிடம் போனால் இது இன்னும் நன்றாகத் தெரியும். கோதுமையாகிய ‘வீட்’ ஒருமையிலேயே நிற்கும்; அதற்கு அண்டைவீட்டுக்காரனான ‘ஓட்ஸ்’ எப்போதும் பன்மை. அரிசி ‘மச் ரைஸ்’. பருப்போ ‘மெனி லென்டில்ஸ்’. சமையலறையில் இரண்டையும் ஒரே படியால் அளந்து போடுகிறோம். பருமனிலும் பெரிய பேதம் இல்லை. பட்டாணியின் கதை இவற்றிலும் விசித்திரமானது. முற்காலத்தில் அதன் பெயர் ‘பீஸ்’ என்பது, அது ஒருமை. கடைசி எழுத்தின் ஒலி பன்மை விகுதியைப் போல ஒலித்தபடியால், பின்வந்தவர்கள் அதைப் பன்மையென்று மயங்கி, விகுதியைக் கழற்றி, ‘பீ’ என்று இல்லாத ஓர் ஒருமையைப் படைத்துக்கொண்டார்கள். செடியும் மணியும் அப்படியேதான் இருந்தன. எண்ணப்படாத பட்டாணி எண்ணப்படும் பட்டாணியாயிற்று.

நம்மவருக்கு இதிலே கூடுதலான சிரமம் ஏற்படுவதற்குத் தமிழ் வியாகரணத்திலேயே ஒரு காரணம் உண்டு. அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ விகுதி வந்தாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். மாடு வந்தது, மாடு வந்தன என்று வினையைக் கொண்டே ஒருமை பன்மை அறியும்படி நிற்பதை இலக்கணத்தார் பால்பகா அஃறிணைப் பெயர் என்றார்கள். நாலு தேங்காய் என்பதே நமக்கு நிறைவான பேச்சு. பெயரின் வாலில் நம் காது எதையும் எதிர்பார்த்துப் பழகவில்லையாதலால், எந்தப் பெயர் அந்த வாலை ஏற்கும், எது ஏற்காது என்பதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை. பிற பாஷைக்காரர்களின் பொருட்டு ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் இருந்தபோது தம் சகாக்களுடன் தொகுத்து 1942-இல் வெளிவந்த அகராதியிலும், அதன் வழிவந்த அகராதிகளிலும், பெயர்ச்சொற்களின் அருகே எண்ணத்தக்கதற்கு ‘ஸி’ என்றும் எண்ணத்தகாததற்கு ‘யூ’ என்றும் ஓர் எழுத்துக் குறி இருக்கும். பொருளைப் பார்த்தவுடன் அகராதியை மூடிவிடுகிறவர்கள் அந்த ஒற்றை எழுத்தையும் பார்த்துவிட்டு மூடினால், நான் திருத்தும் தாள்களில் பாதிச் சிவப்பு மை மிச்சமாகும். ஒரே சொல்லுக்கு இரண்டு குறியும் இருப்பதுண்டு. தலையில் இருக்கும் மயிர் ‘யூ’. சாப்பாட்டில் கிடக்கும் மயிர் ‘ஸி’.

இனி, ‘லெஸ்’ஸும் ‘ஃபியூவ’ரும் தொன்றுதொட்டே இப்படிப் பாகம் பிரித்துக்கொண்டு வாழ்ந்தவையா என்றால், அப்படியும் இல்லை. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரெட் மன்னர் போயிதியஸின் நூலைத் தம் பாஷையில் பெயர்த்தபோது, எண்ணத்தக்க சொற்களைப் பற்றியே ‘லெஸ்’ என்று எழுதியிருக்கிறார். அந்நாளில் அது பெயர்போல நின்று, பின்வரும் சொல்லை ஆறாம் வேற்றுமையில் ஏற்றது. ‘சொற்களின் குறைவு’ என்பது போன்ற அமைப்பு. வேற்றுமை உருபு காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்தபின், ‘லெஸ்’ பன்மைப் பெயருக்கு நேர் முன்னால் வந்து நின்றது. மிகுதிப் பக்கத்தில் நடந்ததோ வேறு. எண்ணிக்கைக்கு ‘மோ’, அளவுக்கு ‘மோர்’ என்று அங்கே முன்பு இரண்டு சொற்கள் இருந்தன. ஷேக்ஸ்பியர் காலத்திலும் ‘மோ’ வழக்கில் இருந்தது. பிறகு அது மறைந்து, ‘மோர்’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. அதனால் யாரும் சங்கடப்படவும் இல்லை. குறைவுப் பக்கத்தில் மட்டும், 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் எண்ணிக்கையைச் சொல்லும்போது ‘ஃபியூவர்’ என்பதே அழகும் பொருத்தமும் உடையது என்று தம் ரசனையாக எழுதிவைத்தார். ஒருவருடைய அந்த ரசனை பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் கையில் விதியாக இறுகிற்று.

விதியாக இறுகியபின் அதன் பெயரால் சர்ச்சைகளும் நடந்தன. இங்கிலாந்தின் டெஸ்கோ அங்காடிகளில், சில சாமான்களே வாங்குகிறவர்கள் விரைவாகப் பணம் செலுத்தும் வரிசைக்கு மேலே, ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று பலகை தொங்கியது. சாமான்கள் எண்ணப்படுகிறவையாதலின் ‘ஃபியூவர்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் ஆட்சேபணை இருந்துவந்தது. 2008-இல் அவர்கள் இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, பத்து வரை என்று பொருள்படும் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றினார்கள். என்னைக் கேட்டால் பழைய பலகையையும் நான் பிழையென்று தள்ளமாட்டேன். கூடையை ஏந்தி நிற்பவர் சாமானை எண்ணுகிறார் என்பது மெய். பலகை சொல்வதோ கூடையின் வரம்பை.

ஆனால் விதியைத் தளர்த்தக் கூடாத இடம் ஒன்று உண்டு. அங்கே நான் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. ‘ஃபியூவர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்’ என்றால் அனுபவமுள்ள ஆசிரியர்களின் தொகை குறைந்திருக்கிறது என்று பொருள்; ‘லெஸ் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்’ என்றால் அனுபவம் குறைந்த ஆசிரியர்கள் என்று பொருள். பெயருக்கும் ‘லெஸ்’ஸுக்கும் நடுவே ஒரு பெயரடை புகுந்துவிட்டால், ‘லெஸ்’ பெயரை விட்டுவிட்டு அந்த அடையைப் பற்றிக்கொள்ளும். கிராமப் பள்ளிகளைப் பற்றிய ஓர் அறிக்கையில் முன்னதை எழுத நினைத்துப் பின்னதை எழுதிவிட்டால், இருக்கும் ஆசிரியர்கள் மேல் வீணான அபவாதம் விழுகிறது. புது ஆசிரியர்களை நியமிக்க வேண்டிய அதிகாரி, இருப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும்படி உத்தரவிட்டு ஓய்ந்துவிடுவார்.