வலியா, வழியா?

போன வாரம் அப்பா தனியாகப் பல் பிடுங்கப் போயிருந்தார். மதியம் தங்கச்சியிடமிருந்து மெசேஜ்: "appaku vali theriyala. nee pesu". மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பார்கள், வலி தெரியவில்லை என்று நிம்மதியாக வேலையைப் பார்த்தேன். அப்பாவோ பஸ் ஸ்டாண்டில் ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் வெயிலில் நின்றிருந்தார். 40 நிமிடம். இன்னும் மனசு ஆறவில்லை.

ல, ள, ழ மூன்றுக்கும் அவசரத்தில் ஒரே l தான் போடுகிறோம். குறில், நெடில் இரண்டுக்கும் ஒரே a. அதனால் vali என்பது வலி, வழி, வளி, வாலி எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் பக்கத்துச் சொல் காப்பாற்றிவிடும். "vali sollu" என்றால் வழிதான், "kaal vali" என்றால் வலிதான். ஆனால் "தெரியல" இரண்டுக்குமே பொருந்தும். வலியும் ஒருவருக்குத் தெரியும், வழியும் ஒருவருக்குத் தெரியும். அந்த "அப்பாக்கு" கூட மாறாது. இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான் ஆபத்து. படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது, தன் மனதில் ஏற்கனவே இருப்பதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நான் அப்படித்தான் நகர்ந்தேன்.

vazhi என்று zh போட்டிருந்தால் குழப்பமில்லை. போன் கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றும் வகையைச் சேர்த்துக்கொண்டால் vali என்று அடித்தாலே பெரும்பாலும் வலி, வழி என்று மேலே காட்டும், தொட்டால் போதும்.

உடம்பு, மருந்து, வழி, பணம் பற்றிய செய்தியை மட்டுமாவது தமிழ் எழுத்தில் அனுப்புங்கள். முடியாவிட்டால் ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்.