இரண்டு எழுத்துத் தொலைவில் ஒரே பெண்

செல்வி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் Selvi என்று எழுதுவார், இன்னொருவர் Chelvi என்று எழுதுவார். இருவருமே பிழை செய்யவில்லை. தமிழில் சகரம் ஒரே எழுத்து. சொல்லின் முதலில் அது வரும்போது சிலர் வாயில் மெலிந்தும் சிலர் வாயில் அழுத்தமாகவும் ஒலிக்கிறது. கேட்டவர் கேட்டபடி எழுதுகிறார். சிக்கல் தொடங்குவது அந்தப் பெண்ணின் பெயர் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலில் ஒரு விதமாகவும், உதவித்தொகைப் பட்டியலில் வேறு விதமாகவும் ஏறிய பிறகுதான். இரண்டு பட்டியல்களையும் இணைக்க வேண்டிய நிரல், இருவரும் ஒருவரா என்று தீர்மானித்தாக வேண்டும்.

இதற்கு வழக்கமாக எடுக்கப்படும் கருவி திருத்தத் தொலைவு. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து அதற்கு அவர் பெயர் வந்தது. அவருடைய கேள்வி மனிதப் பெயர்களைப் பற்றியதன்று. செய்தி அனுப்பும்போது சிதையும் இரும எண் தொடர்களை எப்படி மீட்பது என்பதே அவர் கவலை. ஓர் எழுத்தைச் சேர்த்தல், நீக்கல், வேறோர் எழுத்தாக மாற்றல் ஆகிய மூன்று செயல்களில், ஒரு சரத்தை இன்னொன்றாக ஆக்கக் குறைந்தது எத்தனை தேவை என்பதே தொலைவு.

கணக்கிடும் முறை எளிது. ஒரு பெயரைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் எழுதிக் கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டமும் அதுவரை வந்த எழுத்துகளுக்கு இடையிலான தொலைவைச் சொல்லும். மேல் கட்டம், இடக் கட்டம் இவற்றோடு 1 கூட்டினால் நீக்கலும் சேர்த்தலும் கிடைக்கும். மூலைவிட்டக் கட்டத்தின் மதிப்பு, எழுத்துகள் ஒத்தால் அப்படியே இறங்கும். ஒவ்வாவிட்டால் அதனுடன் 1 கூடும். மூன்றில் சிறியதே அந்தக் கட்டத்தின் விடை.

```
      C  h  e  l  v  i
   0  1  2  3  4  5  6
S  1  1  2  3  4  5  6
e  2  2  2  2  3  4  5
l  3  3  3  3  2  3  4
v  4  4  4  4  3  2  3
i  5  5  5  5  4  3  2
```

வலக் கீழ் மூலையில் இருக்கும் 2 தான் விடை. ஒரு எழுத்து மாறியது, ஒன்று சேர்ந்தது. இப்போது அதே Selvi-யை Selva-வோடு ஒப்பிட்டால் தொலைவு 1. அதாவது செல்விக்கு அவளுடைய இன்னொரு எழுத்துவடிவத்தைவிட, செல்வா என்ற வேறொருவரே நெருக்கமானவர். வரம்பை 1 என்று வைத்தால் செல்வா உள்ளே வருவார், செல்வி தன் உதவித்தொகையை இழப்பாள். 2 என்று தளர்த்தினால் இருவருமே உள்ளே வருவார்கள். எந்த எண்ணை வரம்பாக வைத்தாலும் இந்த வரிசை தலைகீழாகவே இருக்கும். Ramesh, Rakesh என்ற இருவருக்கு இடையே 1. Lakshmi, Laxmi என்ற ஒரே பெயருக்கு இடையே 3.

இதன் காரணம் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. பிரெட் டாமராவ் 1964இல் எழுதிய கட்டுரையில், எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஒற்றைப் பிழைகளே என்று காட்டினார்: ஓர் எழுத்து கூடியிருக்கும், விடுபட்டிருக்கும், மாறியிருக்கும், அல்லது பக்கத்து எழுத்தோடு இடம் மாறியிருக்கும். விரல் தவறும் இடத்தில் தொலைவு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் Chelvi விரல் தவறியதால் வந்ததன்று, காது கேட்ட விதத்தால் வந்தது. விரலின் பிழையை அளக்கச் செய்த கோலைக் கொண்டு காதின் வேறுபாட்டை அளந்தால் கோல் பொய் சொல்லத்தான் செய்யும்.

திருத்தும் வழி, எல்லா மாற்றத்துக்கும் ஒரே விலை வைப்பதைக் கைவிடுவது. S-க்கும் Ch-க்கும் இடையிலான மாற்றத்தை ஒரே செயலாகக் கொண்டு அதன் விலையை 0.2 என்று வைக்கலாம். அட்டவணையில் S வரிசையின் h கட்டத்தில் 2 இருந்த இடத்தில் 0.2 வரும். அங்கிருந்து e, l, v, i நான்கும் ஒத்துப்போவதால் அதுவே கடைசி மூலைவரை இறங்கும். Selva-வின் தொலைவு 1 ஆகவே நிற்கும். வரிசை நேராகிவிட்டது. k-க்கு g, t-க்கு d, p-க்கு b என்று தமிழ் எழுத்து வேறுபடுத்தாத ஒலிகளுக்கும், x-க்கு ksh என்ற எழுத்து வழக்கிற்கும் இதே போல விலை குறைக்கலாம்.

ஆனால் இந்த விலைப்பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். வங்காளத்தில் Vivek என்பவரும் Bibek என்பவரும் ஒருவராக இருக்க நல்ல வாய்ப்புண்டு, ஏனெனில் அந்த மொழியில் வகரமும் பகரமும் ஒன்றாகிவிட்டன. தமிழில் அவை இரண்டும் வேறு எழுத்துகள். அங்கே குறைத்த விலையை இங்கே கொண்டுவந்தால் வேறு வேறு மனிதர்கள் ஒன்றாவார்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே விலைப்பட்டியல் எழுத முடியாது. பெயர் எந்த மொழியின் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகே விலை வைக்க முடியும்.

முதலெழுத்தின் சிக்கல் தனி. K Selvi, Selvi K இரண்டுக்கும் தொலைவு 4. இங்கே எழுத்து எதுவும் மாறவில்லை, இடம்தான் மாறியது. ஆகவே பெயரைச் சொல்சொல்லாகப் பிரித்து, முதலெழுத்தை ஒதுக்கிவைத்து, அதன் பிறகே தொலைவு கணக்கிட வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் விலைப்பட்டியல் எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஓரிடத்தில் கருவி கைவிட்டுவிடும். ரமா, ராமா இரண்டையும் பலர் Rama என்றே எழுதுகிறார்கள். தொலைவு 0. நெடில் குறில் வேறுபாடு எழுத்தில் ஏறவே இல்லாதபோது எந்தக் கணக்கும் அதை மீட்க முடியாது. தொலைவு சிறிதாக இருப்பது இருவரும் ஒருவராக இருக்கலாம் என்பதற்குச் சாட்சி மட்டுமே, தீர்ப்பன்று. தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர் என்று இரண்டாவது சாட்சி வேண்டும். அதிலும் விழிப்புத் தேவை. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று எழுதிவைக்கும் வழக்கம் இருப்பதால், அந்தத் தேதி ஒத்துப்போவதை வலுவான சாட்சியாக ஏற்க முடியாது.

இரண்டு வகைத் தவறுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஒருவரை இருவர் என்று பிரித்தால், பணம் வராத செல்வி அலுவலக வாசலில் வந்து நிற்பாள். தவறு தானே வெளிப்படும். இருவரை ஒருவர் என்று சேர்த்து ஒரு பதிவை நீக்கினால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது, பட்டியல் சுத்தமானதாகவே தெரியும். விடுபட்டவருக்கு அப்படியொரு பட்டியல் இருந்ததே தெரியாமல் போகலாம். அதனால் வரம்புக்குச் சற்று மேலும் கீழும் விழும் இணைகளில் சில நூறை எடுத்து, மொழி தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு எழுதி, நிரலின் முடிவோடு ஒப்பிட வேண்டும். அவற்றில் தவறாகச் சேர்ந்தவை எத்தனை, தவறாகப் பிரிந்தவை எத்தனை என்று தனித்தனியே எண்ணாமல், மொத்தமாக ஒரு சரியளவு விழுக்காட்டைச் சொல்லும் அறிக்கை, ரமாவின் பதிவு எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.